8 வாரத்துலயே இப்படித் தூக்கமா?

நிலாமகள்: மாசமா இருக்கேன், 8 வாரம். காலையில எழுந்த ரெண்டு மணி நேரத்துலயே கண் சொருகுது. ஆபீஸ் விட்டு 6 மணிக்கு வந்து விழுந்தா 8 வரைக்கும் தூக்கம், அப்புறம் ராத்திரி 1 மணி வரை கொட்டக் கொட்ட முழிப்பு. ஹீமோகுளோபின் 11.8, தைராய்டு சரி. ஒவ்வொரு நாளையும் எப்படி ஓட்டுறது?

பழையபுலி: 8 வாரத்துக் கரு ஒன்றரை சென்டிமீட்டர். அவரைக்கொட்டை. அதுக்கு இவ்வளவு அலுப்பா? எல்லாம் மனசு.

வார்டுஅக்கா: அவரைக்கொட்டையை யாரும் தலையில சுமக்கலை, புலி சார். புரொஜெஸ்டிரான்ங்கிற ஹார்மோன் ஏறுது. அது உடைஞ்சு வர்ற பொருள் மூளையில தூக்க மாத்திரை வேலை செய்யுற இடத்துலயே போய் வேலை செய்யுது. ரத்தக்குழாய் தளர்ந்து பிரஷர் இறங்குது, இதயம் இப்பவே கூடுதலா இறைக்குது. வயிறு தெரியுறதுக்கு முன்னாடியே இதெல்லாம் நடக்குது.

நிலா, உங்க சிக்கல் அந்த 6 மணித் தூக்கம். அதை மதிய இடைவேளைக்கு மாத்துங்க. அலாரம் வெச்சு அரை மணி, 3 மணிக்கு மேல வேண்டாம். கஷ்டமான வேலையைக் காலையில முதல் ரெண்டு மணி நேரத்துலயே முடிச்சிடுங்க. சாயங்காலம் படுக்காம கால் நீட்டி உட்காருங்க, சாப்பிட்டுட்டு 9 மணிக்கே படுங்க. தண்ணியைப் பகல்லயே குடிச்சுட்டா ராத்திரி பாத்ரூம் நடை குறையும்.

தூங்குமூஞ்சி: எனக்கும் மதியம் இதே தூக்கம்தான் அக்கா. ஆம்பளைக்கும் அரை மணி போதுமா?

பழையபுலி: கேட்டதுக்குப் பதில் வரலை. அவரைக்கொட்டை அளவா இல்லையா?

வார்டுஅக்கா: அளவு சரி, அதுலேர்ந்து நீங்க எடுத்த முடிவுதான் தப்பு. காபித் திரியிலயும் இதே பிடிவாதம்தான். ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீன் போதும்னேன், ஏழு பக்கம் சண்டை போட்டீங்க.

பழையபுலி: அங்க நீங்கதான் கத்தினீங்க. என் வீட்டம்மா மாசமா இருக்கும்போது ஒரு நாளும் படுக்கலை.

வார்டுஅக்கா: அவங்களையே இங்க வந்து எழுதச் சொல்லுங்க, கேட்போம்.

ரெண்டுபுள்ளக்காரி: இதுக்கு ஒரே காரணம் இரும்புச்சத்துதான். எனக்கு ஹீமோகுளோபின் 9 இருந்தது, மாத்திரை போட்டதும் அலுப்பு பறந்துச்சு.

வார்டுஅக்கா: 9 ரத்தசோகை. முதல் மூணு மாசத்துல 11க்குக் கீழ போனாத்தான் அப்படிச் சொல்லுவோம். இவங்களுக்கு 11.8.

நிலாமகள்: ஆபீஸ்ல படுக்க இடமில்லையே.

வார்டுஅக்கா: நாற்காலியில சாஞ்சு கண்ணை மூடினாலே போதும். தூக்கம் வரலைன்னாலும் பரவாயில்லை. மயக்கம், மூச்சு வாங்குறது, எதுவும் வயித்துல தங்காம சிறுநீர் கருத்துக் குறையுறது, இதுல ஒண்ணு வந்தாலும் டாக்டர்கிட்ட போயிடுங்க.

பழையபுலி: ஒன்றரை சென்டிமீட்டர்ங்க. திரும்பவும் சொல்றேன்.

ரெண்டுபுள்ளக்காரி: நான் சொன்னதை அக்கா ஒரேயடியா ஒதுக்குறாங்க. ஹீமோகுளோபின் சரியா இருந்தும் சேமிப்பு இரும்பு குறையலாம். நிலா, ஃபெரிட்டின் பார்த்தாங்களா?