பொருள்: 'சாதாரணமாக வசிக்காத வசிப்பவர்': நல்ல சொல் வேண்டும்

வளர்மதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி பி.காம். மாணவர்களுக்காக வருமான வரி வினாத் தொகுப்பு ஒன்றைத் தயாரித்து வருகிறேன். ரெசிடென்ட், நான்-ரெசிடென்ட் இரண்டையும் 'வசிப்பவர்', 'வசிக்காதவர்' என்று எழுதிச் சமாளித்துவிட்டேன். நடுவில் நிற்கும் மூன்றாம் வகையில்தான் மாட்டிக்கொண்டேன். ஆடிட்டர்கள் சுருக்கமாக ஆர்.என்.ஓ.ஆர். என்கிறார்கள். எங்களிடம் உள்ள பழைய குறிப்பேடு 'சாதாரணமாக வசிக்காத வசிப்பவர்' என்கிறது. அதை வகுப்பில் உரக்கப் படித்தேன், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வசிக்கிறாரா, வசிக்கவில்லையா என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஐந்து வருமானத் தலைப்புகளில் கடைசியை 'பிற மூலங்களிலிருந்து வருமானம்' என்று எழுதுகிறோம். வினாவிலோ 'வெளிநாட்டு மூலங்களிலிருந்து வந்த வருமானம்' என்று வருகிறது. சென்ற பருவத் தேர்வில் துபாய்ச் சம்பளத்தைப் பலர் ஐந்தாம் தலைப்பில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். குற்றம் அவர்களுடையது என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்பழகன் எழுதியது:

வளர்மதி அம்மா அவர்களுக்கு, இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், பொருளைப் பார்த்துப் பெயர் வையுங்கள். இந்த வகை யாருக்காக? பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் சட்டென்று முழு வரிச்சுமையைத் தாங்க வேண்டாம் என்று தரும் இடைவேளை இது. ஆகவே 'மீள்குடியர்'. அதற்கேற்ப மற்ற இரண்டும் 'குடியர்', 'அயற்குடியர்'. மூன்றும் ஒரே வேரில் நிற்கும், பன்மையும் எளிது.

ஜாபர் எழுதியது:

வணக்கம். நான் ஆசிரியரும் இல்லை, தமிழறிஞரும் இல்லை. 2012 முதல் துபாயில் வேலை பார்த்துவிட்டு, 2024 நவம்பர் 10ஆம் தேதி மதுரைக்கே வந்துவிட்டேன். என் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். அப்படியென்றால் நான் எப்போதுமே 'குடியர்'தானே? துபாயில் ஒரு ஃபிளாட் வாடகைக்கு விட்டிருக்கிறேன். அந்தப் பணத்தை மதுரை வங்கிக்கு அனுப்பினால் வரி உண்டு, அனுப்பாவிட்டால் இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?

சேதுராமன் எழுதியது:

ஜாபர் தம்பி, சொல் எங்கே தவறுகிறது என்பதை உங்கள் கேள்வியே காட்டிவிட்டது. 'குடி' என்றதும் நீங்கள் பாஸ்போர்ட்டை எடுத்தீர்கள். முப்பது ஆண்டு கணக்குத் தணிக்கையில் என்னிடம் வந்தவர்கள் பாதிப்பேர் செய்ததும் அதுதான். வருமான வரிச் சட்டத்தின் 6ஆம் பிரிவு முதலில் நாட்களைத்தான் எண்ணுகிறது. குடியுரிமை சில விதிவிலக்குகளில் மட்டும் தலைகாட்டும். அன்பழகன் ஐயா மன்னிக்க, 'குடி'யை விட்டுவிடுவோம்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். வழக்கமாக ஆண்டுக்கு எத்தனை நாள் ஊருக்கு வருவீர்கள்?

ஜாபர் எழுதியது:

ஐயா, ஆண்டுக்கு 40 நாள், அதற்கு மேல் விடுப்பு கிடையாது. 2024 ஜூனில் மட்டும் தங்கை திருமணத்துக்கு 20 நாள் வந்தேன்.

சேதுராமன் எழுதியது:

நல்லது. 2024-25 நிதியாண்டை எடுத்துக்கொள்வோம். நவம்பர் 10 முதல் மார்ச் 31 வரை, வந்திறங்கிய நாளையும் சேர்த்து 142 நாள். ஜூனில் 20. ஆக 162. ஓர் ஆண்டில் 182 நாள் இருந்தால் ரெசிடென்ட் என்பது முதல் வாசல். அதை நீங்கள் தொடவில்லை. இரண்டாம் வாசலுக்கு அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் வேண்டும். 60 தாண்டிவிட்டது. ஆனால் நான்கு நாற்பது 160தான். ஆகவே குடும்பத்தோடு ஊர் திரும்பிய அந்த ஆண்டிலும் நீங்கள் நான்-ரெசிடென்ட்.

2025-26இல் முழு ஆண்டும் மதுரையில் இருந்ததால் ரெசிடென்ட் ஆகிவிட்டீர்கள். இப்போதுதான் வளர்மதி அம்மாவின் மூன்றாம் வகை வருகிறது. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் நான்-ரெசிடென்ட்டாக இருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் தங்கியது 729 நாளைத் தாண்டாவிட்டாலோ ஆர்.என்.ஓ.ஆர். உங்களுக்குப் பத்தும் நான்-ரெசிடென்ட் ஆண்டுகள். 2026-27இலும் பத்தில் ஒன்பது நிற்கும். 2027-28இல் எட்டாகக் குறையும், ஏழாண்டு நாட்களும் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அன்றிலிருந்து உலகில் எங்கே ஈட்டினாலும் இங்கே கணக்கில் காட்ட வேண்டும். ஆக உங்களுக்கு இடைவேளை இரண்டு ஆண்டு.

வாடகைக்கு வருவோம். உங்கள் நண்பர்கள் சொன்னது பாதிதான் சரி. ஆர்.என்.ஓ.ஆர். ஒருவருக்கு, வெளிநாட்டில் விளைந்து வெளிநாட்டிலேயே கைக்கு வந்த வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. பணம் முதன்முதலாக எங்கே கைக்கு வந்தது என்பதுதான் கேள்வி. துபாய்க் கணக்கில் வாங்கிய வாடகையை மறுநாளே மதுரைக்கு அனுப்பினாலும் அது பணமாற்றம்தான். ஆனால் வாடகைக்காரரே நேராக உங்கள் மதுரைக் கணக்கில் போட்டால், வருமானம் இந்தியாவில் பெறப்பட்டதாகும், வரி விழும்.

அன்பழகன் எழுதியது:

சேதுராமன் ஐயா, 'குடி'யை விட்டுவிடுகிறேன். ஆனால் நீங்கள் போட்ட கணக்கே என் பக்கம்தான் பேசுகிறது. திரும்பியவருக்கான இரண்டாண்டு இடைவேளை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 'மீள்வசிப்பர்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

சேதுராமன் எழுதியது:

ஜாபருக்குப் பொருந்துகிறது. அவர் துபாய்ப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருந்தாதே! அவர் இந்தியக் குடிமகன், சென்னையில் கடைகள் வாடகைக்கு விட்டிருக்கிறார், இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐக்கிய அமீரகத்தில் தனிநபர் வருமானத்துக்கு வரி இல்லை. 2020இல் வந்த திருத்தத்தின்படி, வேறெந்த நாட்டிலும் அவர் வரிக்கு உட்படாதவர் என்றால் இந்தியா அவரைத் தன் ரெசிடென்ட் என்று கருதிக்கொள்ளும். அந்த ஆண்டில் அவர் இந்திய மண்ணை மிதித்திருக்கவே வேண்டாம். அப்படிக் கருதப்படுபவரும் ஆர்.என்.ஓ.ஆர்.தான். திரும்பவும் இல்லை, வசிக்கவும் இல்லை. 'மீள்வசிப்பர்' என்றால் சிரிக்கமாட்டாரா?

யோகேஸ்வரி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு 'வதிவிட விசா' அன்றாடச் சொல். வங்கிப் படிவங்களில் 'வதியாதோர்' என்ற வழக்கும் பழகியதே. வசிப்பதற்கும் வதிவதற்கும் பொருளில் பெரிய தூரம் இல்லை. ஆனால் 'வசிப்பவர்' வீட்டு முகவரியை நினைவூட்டும் அன்றாடப் பேச்சுச் சொல். 'வதிவாளர்' என்றால் ஏதோ ஒரு கணக்குக்கான தகுதிநிலை என்று காதுக்கு உடனே தெரிந்துவிடும். அன்பழகன் ஐயா கவலைப்படவேண்டாம், குறுந்தொகையில் 'வதிகுருகு' இருக்கிறது. புன்னை நிழலில் தங்கித் தூங்கும் பறவை. அது அங்கே 182 நாள் தங்கியதா என்று யாரும் எண்ணவில்லை.

அன்பழகன் எழுதியது:

வதிகுருகுக்கு மறுப்பு இல்லை அம்மா. வதிவாளர், வதியாதவர். மூன்றாமவர்?

சேதுராமன் எழுதியது:

என் யோசனை 'வரம்புறு வதிவாளர்'. இந்த வகைக்குள் வரும் வழிகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. ஊர் திரும்பியவர் வருகிறார், ஊருக்கே வராதவரும் வருகிறார். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டியவர், 120 நாளுக்குக் குறையாமல் 182 நாளுக்குள் வந்துபோகும்போது, முந்தைய நான்கு ஆண்டுகளின் 365 நாளும் நிறைந்திருந்தால் அவரும் வருகிறார். இவர்களுக்குப் பொதுவாக இருப்பது விளைவு ஒன்றுதான்: வரியின் எல்லை குறுகியது. அதைப் பெயரில் வைத்தால் மாணவனுக்கு விடையின் பாதி பெயரிலேயே கிடைத்துவிடும்.

வளர்மதி எழுதியது:

ஐயா, எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு தயக்கம். 'வரம்புறு' என்றால் வெளிநாட்டு வருமானம் எதற்கும் வரி இல்லை என்று மாணவர்கள் எழுதிவிடமாட்டார்களா?

ஜாபர் எழுதியது:

மாணவர்களை விடுங்கள், நானே அப்படித்தான் நினைத்தேன். மதுரையில் உட்கார்ந்தபடி பழைய துபாய் கம்பெனிக்கு மின்பொறியியல் வரைபடம் சரிபார்த்துக் கொடுக்கிறேன். பணம் துபாய்க் கணக்கிலேயே விழுகிறது. அதுவும் வெளிநாட்டு வருமானம்தானே?

சேதுராமன் எழுதியது:

இல்லை தம்பி. வேலை நடக்கும் இடம் மதுரை, தொழிலை அமைத்துக்கொண்ட இடமும் மதுரை. இந்தியாவில் அமைத்த தொழிலிலிருந்து வரும் வருமானம், வெளிநாட்டில் கைக்கு வந்தாலும், ஆர்.என்.ஓ.ஆர். ஒருவருக்கு இங்கே வரிக்கு உட்பட்டது. வணிகம் அல்லது தொழில் இலாபம் என்ற தலைப்பில் காட்ட வேண்டும். போன ஆண்டு காட்டவில்லை என்றால் உடனே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள், இந்தக் குழுவை நம்பி இருக்காதீர்கள்.

வளர்மதி அம்மா, உங்கள் தயக்கம் சரிதான். வரம்பு எது என்பதைப் பெயர் சொல்லாது, பாடம்தான் சொல்ல வேண்டும்.

அன்பழகன் எழுதியது:

எனக்கு இதில் வேறொரு மறுப்பு. சட்டம் 'வழக்கமாக' என்ற சொல்லைத் தெரிந்தே வைத்திருக்கிறது. அதை அகற்றிவிட்டு விளைவை வைப்பது விளக்கவுரை, மொழிபெயர்ப்பாகாது. நாளை சட்டம் எல்லையை மாற்றினால் பெயர் பொய்யாகிவிடும். 'வழக்கமில் வதிவாளர்' என்பதையும் பட்டியலில் வையுங்கள். என் பழைய சொற்களைத் திரும்பப் பெறுகிறேன்.

யோகேஸ்வரி எழுதியது:

'வழக்கமில்' என்றதும் நீதிமன்றத்தில் வழக்கு இல்லாதவர் என்று படித்துவிட்டேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் விளங்கியது.

வளர்மதி எழுதியது:

நானும்தான்! இந்தப் பதிப்பில் 'வரம்புறு வதிவாளர்' என்று போட்டு, பின்னிணைப்பில் 'வழக்கமில்' என்பதையும் தருகிறேன். எது நிலைக்கிறது என்று இரண்டு பருவம் பார்க்கலாம்.

'மூலம்' பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? ஐந்தாம் தலைப்பை 'ஏனைய வருமானம்' என்று மாற்ற நினைக்கிறேன். சம்பளம், வீட்டுச் சொத்து, வணிகம் அல்லது தொழில், மூலதன ஆதாயம் ஆகிய நான்கிலும் அடங்காமல் எஞ்சியதுதானே அங்கே வருகிறது? அப்போது 'மூலம்' எந்த நாட்டில் விளைந்தது என்பதை மட்டும் குறிக்கும். ஜாபர் அவர்களின் துபாய் ஃபிளாட் வாடகையையும் வினாவாக்கிவிட்டேன். அவருடைய நிலை எது, வரி உண்டா, உண்டென்றால் எந்தத் தலைப்பு என்று தனித்தனியே கேட்டிருக்கிறேன். 2027-28 ஆண்டுக்குக் கணக்கிட்டால், வீடு துபாயில் இருந்தாலும் தலைப்பு வீட்டுச் சொத்துதான் என்று வரவேண்டும்.

சேதுராமன் எழுதியது:

'ஏனைய வருமானம்' எனக்குச் சம்மதம். 'மூலதன' ஆதாயத்திலும் ஒரு மூலம் உட்கார்ந்திருக்கிறது, அதை என்ன செய்யப்போகிறீர்கள்? வினாவில் ஆண்டுப் பெயரையும் கவனியுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' இரண்டும் போய் 'வரி ஆண்டு' ஒன்றே நிற்கிறது. 2024-25க்கான வினாவில் பழைய சொல்லே இருக்கட்டும்.

ஜாபர் எழுதியது:

ஐயா, துபாயில் வாடகைக்குப் பின்தேதியிட்ட காசோலை நான்கு முன்கூட்டியே வாங்கிவிட்டேன், எல்லாம் அங்குள்ள வங்கியில்தான் போடப்படும். வரைபட வருமானத்துக்காகத் திங்கட்கிழமை ஆடிட்டரைப் பார்க்கிறேன். அவரிடம் 'வரம்புறு வதிவாளர்' என்று சொன்னால் புரியுமா, ஆர்.என்.ஓ.ஆர். என்றே சொல்லிவிடவா?