தேவகோட்டையில ரெண்டாவது கடை, எதை விட்டுட்டேன்னு சொல்லுங்க

காரைக்குடியில எனக்குப் பலகாரக் கடை ஒண்ணு இருக்குங்க, தேன்குழல், சீப்பு சீடை, மாவுருண்டை. மாசம் 70,000 நிக்குது, ஆனா நானும் வீட்டுக்காரியும் சம்பளமில்லாம கல்லாவுல உக்காந்தாத்தான் அது. தேவகோட்டையில ரெண்டு ஆளு சம்பளம் 30,000, இங்கத்த வாடகையைவிட 10,000 கூட, அதுபோக 30,000தான், அதுவும் முதல் நாள்லேருந்தே இதே வியாபாரம் நடந்தா.

சோதனைக்குப் பத்து நாள் கடைப்பக்கமே போகல. விற்பனை குறையல, தேன்குழல்தான் ஒருநாள் செவந்து ஒருநாள் வெளுத்து, ஏன்னா அளவெல்லாம் மாஸ்டர் கைப்பழக்கத்துல இருக்கு, அவரு ரெண்டு நாள் லீவு. இப்ப மாவு, உளுந்து, வெண்ணெய் எல்லாம் எடை போட்டு எழுதிட்டிருக்கேன்.

ஜிஎஸ்டில அதே நம்பர்ல கூடுதல் இடமா சேர்த்துக்கலாம், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் தனியா எடுக்கணும், அது தெரியும்.

ரெண்டு கடை வச்சிருக்கவங்க சொல்லுங்க, இங்கயே சுட்டு தினம் வண்டியில அனுப்புறதா, அங்க தனி அடுப்பா? எத்தனை மாச நஷ்டத்துக்குக் காசு கையில வச்சீங்க?