கலைச்சொல் விவாதம்: படம் காட்டும் செய்தியைச் சொல்லும் தலைப்புக்கு என்ன பெயர்?

வேலூர், பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கான புள்ளியியல் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறோம். விளக்கப்படங்களுக்குத் தலைப்பிடுவது பற்றிய இயலில் இரண்டு வகைத் தலைப்புகளைப் பிரித்துக் காட்ட வேண்டியுள்ளது. படத்தில் எந்தெந்த மாறிகள் உள்ளன என்று மட்டும் சொல்வது ஒரு வகை. அந்த மாறிகளைப் பார்த்து நாம் என்ன அறிந்தோம் என்று சொல்வது மற்றொரு வகை. இரண்டாவதற்கு ஒரு கலைச்சொல் வேண்டும்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேலூர் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1007 பெண்கள் இருந்தனர். தமிழ்நாடு முழுவதற்கும் அந்த எண் 996. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மட்டும் எடுத்தால் மாவட்டத்தில் 944, மாநிலத்தில் 943. இந்த நான்கு எண்களையும் நான்கு பட்டைகளாக வரைந்து, ‘வேலூர் மாவட்டம், தமிழ்நாடு: பாலின விகிதம், 2011’ என்று தலைப்பிட்டிருந்தோம். அதை மாற்றி, ‘வேலூரில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்’ என்று எழுதினேன். இந்த இரண்டாவது வகையை ‘முடிவுத் தலைப்பு’ என்று கையெழுத்துப் படியில் குறித்திருக்கிறேன். அதைக் கடைசியாக வரும் தலைப்பு என்றும், இறுதி செய்யப்பட்ட தலைப்பு என்றும் படித்துவிட இடமிருப்பதால் மனம் ஒப்பவில்லை.

குடியாத்தம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘முடிவு’ வேண்டாம் என்பதே என் கருத்தும். இலக்கணத்திலேயே விடை இருக்கிறது. ‘வேலூர் மாவட்டம்: பாலின விகிதம்’ என்பதில் எழுவாய் மட்டும் நிற்கிறது; அது என்ன ஆயிற்று என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ‘பெண்களே அதிகம்’ என்று சொன்ன உடனே பயனிலை வந்துவிடுகிறது. ஆகவே முதல் வகையை எழுவாய்த் தலைப்பு என்றும் இரண்டாம் வகையைப் பயனிலைத் தலைப்பு என்றும் வழங்கலாம். பள்ளியில் படித்த எவருக்கும் இவ்விரண்டு சொற்களும் தெரியும். புதிதாக ஒன்றும் கற்பிக்க வேண்டியதில்லை. மாணவன் தன் தலைப்பில் பயனிலை இருக்கிறதா என்று தானே சோதித்துக்கொள்ளவும் முடியும்.

ஆம்பூர், தோல் தொழிற்சாலைக் கணக்கர்:

ஐயா, எனக்கு இலக்கணம் அவ்வளவாக வராது, ஆனால் தலைப்புத் தொல்லை மாதாமாதம் வருகிறது. பதப்படுத்திய தோல் எத்தனை சதுர அடி, அதில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்று ஒரு சார்ட் மேலாளருக்கு அனுப்புகிறேன். ஒரு மாதம், ‘கழிவு குறைந்துள்ளது’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு வைத்தேன், பாராட்டினார்கள். அடுத்த மாதம் அதே கோப்பில் புதிய எண்களை இட்டபோது கோடு மேலே ஏறியது, தலைப்பு மட்டும் பழையபடியே நின்றது. நான் கவனிக்கவில்லை, மேலாளரும் கவனிக்கவில்லை. சாயப் பிரிவில் இருப்பவர்தான் கேட்டார். அன்றிலிருந்து ‘மாதவாரிக் கழிவு’ என்று மட்டும் போட்டுவிடுகிறேன். அச்சுகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதையும் இந்த இழையிலேயே சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.

குடியாத்தம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, அச்சுகளைப் பற்றி இங்கே பேச்சில்லை. கிடை அச்சு, செங்குத்து அச்சு என்ற சொற்கள் வழக்கில்தான் உள்ளன. தலைப்பைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் இங்கே பொருந்துகிறது.

இராணிப்பேட்டை, நாளிதழ் துணையாசிரியர்:

எங்கள் தொழிலில் இது அன்றாட வேலை. ‘நகராட்சிக் கூட்டம்’ என்று யாரும் தலைப்பிட மாட்டார்கள்; கூட்டத்தில் என்ன நடந்தது என்பதே தலைப்பு. ஆகவே ‘செய்தித் தலைப்பு’ என்ற பெயரே போதும். எடுத்துக்காட்டையும் இன்னும் துணிவாக எழுதலாம். ‘பிழைப்புத் தேடி ஆண்கள் வெளியூர் செல்வதால் வேலூரில் பெண்கள் அதிகம்’ என்றால் வாசகர் நின்று படிப்பார். அல்லது குழந்தைகளின் பட்டையைப் பிடித்துக்கொண்டு, ‘ஆபத்தான அளவில் சரியும் பெண் குழந்தைகள்’ என்று போடலாம். 944 என்பது ஆயிரத்துக்கு 56 குறைவல்லவா?

பாகாயம், பொதுநலவியல் புள்ளியியலாளர்:

மூன்று தலைப்புகளையும் அந்த நான்கு பட்டைகளோடு வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். பெயரைப் பிறகு தேடலாம். எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

‘வேலூரில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்’ என்பது தவறில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்கு 1007 என்ற ஒற்றை எண்ணே போதும். மற்ற மூன்று பட்டைகள் எதற்காக வரையப்பட்டன என்று வாசகருக்கு விளங்காது. மாநிலத்தின் பட்டையை அருகில் நிறுத்தினாலே ஒப்பிடச் சொல்கிறோம் என்று பொருள். ஒப்பிட்டால் தெரிவது இதுதான்: மொத்த மக்கள்தொகையில் வேலூர் மாநிலத்தைவிட 11 கூடுதலாக இருக்கிறது, குழந்தைகளிடையே அந்தக் கூடுதல் இல்லை. ஆகவே தலைப்பை, ‘வேலூரில் பெண்களின் விகிதம் மாநிலத்தைவிட அதிகம், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடையே அந்த வேறுபாடு இல்லை’ என்று எழுதுவேன். சற்று நீளம்தான், இரண்டு வரியில் அடங்கினால் போதும்.

944, 943 என்று இருக்கும்போது வேறுபாடு இல்லை என்று சொல்லலாமா என்று கேட்கக்கூடும். அந்தக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 2,22,460 பேர், பெண் குழந்தைகள் 2,10,090 பேர். ஏறக்குறைய 220 பெண் குழந்தைகள் கணக்கில் விடுபட்டாலோ கூடுதலாகச் சேர்ந்தாலோ விகிதம் ஒன்று மாறிவிடும். இவ்வளவு பெரிய கணக்கெடுப்பில் அந்த ஒன்றைத் தலைப்பில் ஏற்றுவது முறையல்ல.

ஆண்கள் வெளியூர் செல்வதால் என்ற தலைப்புக்கு வருகிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம். பெண்கள் ஆண்களைவிட நீண்ட நாள் வாழ்வதும் இந்த எண்ணைக் கூட்டக்கூடியதே. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, வயதுவாரியாகவும் இடம்பெயர்வுவாரியாகவும் வேறு படங்கள் வேண்டும். இந்தப் படத்தில் இடம்பெயர்வு என்ற மாறியே கிடையாது. தலைப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் படத்தில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும் என்பதே நான் மாணவர்களுக்குச் சொல்லும் சோதனை. ‘பெண்கள்’ என்பதற்கு விரல் வைக்கலாம், ‘அதிகம்’ என்பதற்கும் வைக்கலாம். ‘பிழைப்புத் தேடி’ என்பதற்கு எங்கே வைப்பது?

‘ஆபத்தான அளவில் சரியும்’ என்பதில் இரண்டு பிழைகள் உள்ளன. ஒரே ஓர் ஆண்டின் எண்ணை வைத்துக்கொண்டு சரிகிறது என்று சொல்ல இயலாது. அதைவிடப் பெரியது, 56 குறைவு என்ற கணக்கு. இயற்கையாகவே 100 பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன; அதாவது 1000 ஆண் குழந்தைகளுக்கு 950-ஐ ஒட்டிய பெண் குழந்தைகள். ஆகவே குழந்தைகளின் பட்டையை 1000 என்ற கோட்டோடு ஒப்பிடுவதே பொருந்தாது. 950-க்கு அருகில் ஒரு கோடு வரைந்தால், 944 அதற்குச் சற்றுக் கீழே நிற்பது தெரியும். அந்தச் சிறு குறைவு ஆராயத்தக்கது; அது கூக்குரலுக்கு உரிய செய்தி அன்று. எண் மாறவில்லை, எந்தக் கோட்டோடு ஒப்பிட்டோம் என்பது மட்டுமே மாறியது, தலைப்போ தலைகீழாகிவிட்டது.

இன்னொன்று. இந்த எண்கள் பழைய வேலூர் மாவட்டத்துக்கு உரியவை. 2019-இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ‘வேலூரில்’ என்று நிகழ்காலத்தில் எழுதிய தலைப்பை இன்றைய வாசகர் இன்றைய எல்லைக்குப் பொருத்திப் படிப்பார். ஆகவே பெரிய தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில், ‘1000 ஆண்களுக்குப் பெண்கள்; பிரிவினைக்கு முந்தைய வேலூர் மாவட்டம்; 2011 கணக்கெடுப்பு’ என்ற வரி இருந்தே ஆக வேண்டும். மாறிகளின் பெயர்களுக்கும் அலகுக்கும் ஆண்டுக்கும் இடம் அதுதான். கண்டதைச் சொல்லும் தலைப்பை வைத்ததும் இந்த வரியை நீக்கிவிடுவோரை அடிக்கடி காண்கிறேன்.

பெயரைப் பொறுத்தவரை, தமிழாசிரியர் ஐயாவின் ‘பயனிலைத் தலைப்பு’ அழகாக இருந்தாலும் ஒரு தயக்கம் உண்டு. ‘பாலின விகிதம் வயதைப் பொறுத்து மாறுகிறது’ என்பதில் எழுவாயும் பயனிலையும் உள்ளன. எந்தப் பக்கம், எவ்வளவு என்று எதுவும் சொல்லாததால் வாசகருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. இலக்கணச் சோதனையில் தேறி, நம் சோதனையில் தோற்கும் தலைப்பு அது. ‘கூற்றுத் தலைப்பு’ என்று பரிந்துரைக்கிறேன். கூற்று என்றால் சரியா தவறா என்று கேட்கலாம், மறுக்கலாம். இந்தத் தலைப்புக்கு வேண்டிய பண்பு அதுவே.

ஆம்பூர், தோல் தொழிற்சாலைக் கணக்கர்:

அம்மா, விரல் வைக்கும் சோதனை பிடித்திருக்கிறது. என் கோப்பில் தலைப்பு தானாக மாறும்படி ஒரு செல்லில் கீழ்வருமாறு எழுதி, சார்ட்டின் தலைப்பை அந்தச் செல்லோடு இணைத்துப் பார்த்தேன். B12 சென்ற மாதம், B13 இந்த மாதம். இரண்டும் கழிவு விழுக்காடு.

```
=IF(B13>B12,"கழிவு கூடியுள்ளது","கழிவு குறைந்துள்ளது")
```

வேலை செய்கிறது. இனிப் பழைய தலைப்பு நிற்காது.

பாகாயம், பொதுநலவியல் புள்ளியியலாளர்:

இரண்டு மாதமும் சமமாக இருந்தால் உங்கள் வாய்பாடு ‘குறைந்துள்ளது’ என்று சொல்லும். ஒரு விழுக்காட்டில் நூறில் ஒரு பங்கு ஏறினாலும் ‘கூடியுள்ளது’ என்று சொல்லும். எந்த அளவுக்குக் கீழ் இருந்தால் மாற்றமில்லை என்று கொள்வது என்பதைப் பிரிவுத் தலைவரோடு முன்னதாகவே பேசி, அந்த எல்லையையும் வாய்பாட்டில் சேர்த்துவிடுங்கள். சென்ற ஓராண்டின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால் அந்த எல்லை ஓரளவு தெரிந்துவிடும். மாதாமாதம் புதுப்பிக்கும் படத்துக்கு இது கடினமாகத் தோன்றினால், பழையபடி மாறிகளின் பெயரை வைப்பதில் குற்றமில்லை.

இராணிப்பேட்டை, நாளிதழ் துணையாசிரியர்:

950 பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். காரணத்தைச் சொல்லாத தலைப்பு சப்பென்று இருக்கிறது என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை. காரணத்தைக் கட்டுரையில் சொல்லிவிட்டுப் படத்தின் தலைப்பில் ஏன் சொல்லக் கூடாது? படமும் கட்டுரையின் பகுதிதானே.

குடியாத்தம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

படத்தை மட்டும் வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்களே ஐயா. கட்டுரை கூடவே போவதில்லை. ‘கூற்று’ நல்ல சொல்தான். அகப்பொருளில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று வருவதால், யாருடைய கூற்று என்ற கேள்வி தமிழ் படித்தவருக்கு உடனே எழும். அந்தக் கேள்வி எழுவது நல்லதே என்றும் தோன்றுகிறது. இருந்தாலும் எழுவாய், பயனிலை என்ற இணைக்கு உள்ள வசதி ‘கூற்று’க்கு இல்லை, முதல் வகைக்கு எதிர்ச்சொல்லாக என்ன வைப்பீர்கள்?

வேலூர், பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:

கையேட்டில் இப்போதைக்குக் ‘கூற்றுத் தலைப்பு’ என்று இடுகிறேன்; ‘பயனிலைத் தலைப்பு’ என்பதை மாணவர்கள் முதல் வரைவைச் சோதிக்கும் வழியாக ஒரு பத்தியில் சேர்க்கிறேன். முதல் வகைக்குப் ‘பெயர்த் தலைப்பு’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் தெரிவிக்கவும். வேலூர்ப் படத்தில் அம்மா சொன்ன இரண்டு வரித் தலைப்பும் கீழே சிறிய வரியும் இடம்பெறும். குழந்தைகளின் பட்டைகளுக்கு மட்டும் 950-ஐ ஒட்டி ஒரு கோடு வரைந்தால், மொத்த மக்கள்தொகையின் பட்டைகளுக்கு எந்தக் கோட்டை வரைவது என்று வரைகலைஞர் கேட்கிறார். அங்கே கோடே வேண்டாம் என்பது என் எண்ணம். பாகாயத்திலிருந்து பதில் வரும்வரை அந்தப் பக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.