சுவரில் நின்ற கறுப்புப் படகு: மார்க்கர் கறை எடுத்த அனுபவங்கள்

மண்டபம் அம்மா

எங்கள் வீட்டில் மீன் பெட்டியில் அடையாளம் போட ஒரு கறுப்பு பெர்மனென்ட் மார்க்கர் எப்போதும் கிடக்கும். போன வியாழக்கிழமை நான் துணி காயப் போட மாடிக்குப் போய்விட்டுக் கீழே வருவதற்குள், மூன்றரை வயது மகன் முன் அறைச் சுவரில் ஒரு விசைப்படகு வரைந்துவிட்டான். அணியம், கொடி, புகைக்குழாய் எல்லாம் இருக்கிறது. இரண்டு முழ நீளம். அதோடு விடவில்லை. அக்காவின் ரப்பர் பொம்மைக்கு மீசை, தன் பிளாஸ்டிக் லாரிக்கு நம்பர், டியூஷன் வெள்ளைப் பலகையில் வட்டம் வட்டமாக.

வாடகை வீடு. சுவர் சந்தன நிற எமல்ஷன், இரண்டு வருடத்துக்கு முன் அடித்தது. சோப்புத் தண்ணீருக்குக் கறை அசையவே இல்லை. யாரோ சொன்னார்கள் என்று பற்பசை தடவித் தேய்த்தேன். கோடு கொஞ்சம் மங்கியது. ஆனால் தேய்த்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, பக்கவாட்டில் நின்று பார்த்தால் திட்டாகத் தெரிகிறது. அதோடு நிறுத்திவிட்டேன். இதை எடுத்துப் பழக்கப்பட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கீழக்கரை

லாத்தா, எங்கள் வீட்டில் இது மூன்று தடவை நடந்திருக்கிறது. சபுராளி வீட்டில் சென்ட் பாட்டிலுக்குப் பஞ்சமா? துபாயிலிருந்து மச்சான் கொண்டு வந்த ஸ்பிரே சென்ட்டை அடித்துத் துணியால் அழுத்தித் துடைத்தேன், சுத்தமாகப் போய்விட்டது. சென்ட், அத்தர், சானிடைசர், கையில் எது இருக்கிறதோ அதைப் போட்டு நன்றாகத் தேயுங்கள்.

பெயிண்டர், ராமநாதபுரம்

முதலில் ஒரு கேள்வி. கீழக்கரைக்காரரே, உங்கள் சுவர் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்ததா? நான் நினைப்பது சரியென்றால் பாதிச் சுவர் வரை எனாமல் அடித்திருப்பீர்கள். அதில் சென்ட் வைத்தால் வழித்துக்கொண்டு வரும். எனாமல் இறுகிய படலம், மை அதன் மேலேயே நிற்கும். எமல்ஷன் அப்படி இல்லை. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, மை உள்ளே இறங்கும்.

அத்தரை மட்டும் சுவர்ப் பக்கம் கொண்டு போகாதீர்கள். அது எண்ணெய். கறையும் போகாது, மேலே எண்ணெய்த் திட்டு வேறு நிற்கும். சென்ட் வேலை செய்தது அதிலுள்ள ஆல்கஹாலால்தான். மார்க்கர் மையும் ஆல்கஹாலில் கரைத்த சாயமும் பிசினும்தான். பிசின் காய்ந்து சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது, ஆல்கஹால் பட்டால் மறுபடி இளகுகிறது.

சிக்கல் இங்கேதான். அதே ஆல்கஹால் எமல்ஷனையும் இளக்கும். இளகிய நேரத்தில் தேய்த்தால் இளகிய மையை இளகிய பெயிண்டுக்குள் நாமே பிசைந்து விடுகிறோம். அதனால் தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும்.

மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு சின்ன பாட்டில் வாங்குங்கள். அடுப்பு அணைந்திருக்க வேண்டும், ஊதுபத்தி கூட எரியக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பிள்ளையை வெளியே அனுப்பிவிடுங்கள். சோபாவுக்குப் பின்னால் மறைவான இடத்தில் ஒரு சொட்டு வைத்து வெள்ளைப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் சந்தன நிறம் வந்தால் அந்தச் சுவர் ஸ்பிரிட் தாங்காது. வரவில்லையென்றால் ஆரம்பிக்கலாம்.

பஞ்சைச் சொட்டாத அளவுக்கு நனைத்து, கோட்டின் மேல் ஐந்து எண்ணும் வரை அழுத்தி நேராக எடுங்கள். பஞ்சைத் திருப்பிச் சுத்தமான பக்கத்தால் மறுபடி. அழுக்கான பக்கத்தை வைத்தால் எடுத்த மையையே திருப்பிக் கொடுக்கிறீர்கள். இன்னொரு கையில் உலர்ந்த துணியைக் கோட்டுக்குக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு வழிந்தால் கீழே ஒரு அடிக்கு ஊதா நிறத்தில் கோடு இழுத்துவிடும். கறுப்பு மையில் பல சாயங்கள் கலந்திருக்கும், வழியும்போது பிரிந்து ஊதாவும் நீலமுமாகத் தெரியும்.

பஞ்சில் சுவர் நிறம் ஏற ஆரம்பித்த நிமிடம் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் நீங்கள் எடுப்பது பெயிண்டைத்தான்.

பாம்பன் மீன் வியாபாரி

அண்ணே, எனக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. பிளாஸ்டிக் மீன் பெட்டியில் மார்க்கரால் பெயர் எழுதினால் நாலு நாள் நிற்பதில்லை. கழுவினால் உரிகிறது, மிச்சத்தை வெயில் தின்றுவிடுகிறது. பெர்மனென்ட் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நிற்க வைக்க என்ன வழி?

பெயிண்டர், ராமநாதபுரம்

தம்பி, அந்தம்மா கேட்டது வேறு, ஆனாலும் நல்ல விஷயம் சொன்னீர்கள். மீன் பெட்டி, வாளி, குடம் இதெல்லாம் வழவழப்பான பிளாஸ்டிக். அதில் மை ஒட்டாது, மேலே காய்ந்து உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அவர்கள் வீட்டு லாரி அந்த ரகமாக இருந்தால் ஸ்பிரிட்டில் ஒரே துடைப்பில் போய்விடும். உங்களுக்கு மார்க்கர் வேண்டாம். சூடு வைத்த கம்பியால் பெட்டியின் ஓரத்தில் எழுத்தைப் பதித்துவிடுங்கள்.

மண்டபம் அம்மா

அண்ணன் சொன்னபடி நேற்று மதியம் உட்கார்ந்தேன். மறைவான இடத்தில் சோதித்தேன், நிறம் வரவில்லை. படகின் கொடியிலிருந்து தொடங்கினேன். முதல் ஒற்றலிலேயே பஞ்சு கறுத்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். கொடியும் புகைக்குழாயும் கிட்டத்தட்டப் போய்விட்டன. அடிப்பாகத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அவன் அங்கே அழுத்தி அழுத்தித் தீட்டியிருக்கிறான், நான் பற்பசை தேய்த்ததும் அங்கேதான். ஆறாவது பஞ்சில் சந்தன நிறம் வந்தது. நிறுத்திவிட்டேன். இப்போது சாம்பல் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிழல் நிற்கிறது. மேலே எமல்ஷன் ஒரு கை அடித்தால் மறையாதா?

பெயிண்டர், ராமநாதபுரம்

மறையாது. இதில் நான் சூடுபட்டிருக்கிறேன். தேவிபட்டினம் பக்கம் ஒரு வீட்டில் இதே மாதிரி நிழல் மேல் எமல்ஷன் அடித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் போன் வந்தது, எழுத்து மேலே வந்துவிட்டது என்று. இரண்டாவது கை அடித்தேன், வெளிறிய பழுப்பாக மறுபடி வந்தது. மூன்றாவதும் அதே. ஈரமான எமல்ஷன் அடியிலுள்ள சாயத்தைக் கரைத்து மேலே இழுத்துக்கொள்கிறது. எத்தனை கை அடித்தாலும் கதை அதுதான்.

நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். தண்ணீர் கலக்கும் பிரைமர் உதவாது, டர்பன்டைன் கலக்கும் எண்ணெய்ப் பிரைமர் வாங்குங்கள். மார்க்கர் சாயம் டர்பன்டைனில் அவ்வளவாகக் கரையாது, அதனால் அடியிலேயே நிற்கும். அந்த இடத்தை 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசி துடையுங்கள். பற்பசைப் பளபளப்பும் அதில் போய்விடும். கறையைவிட நாலு விரல் அகலமாக மெல்லிசாக ஒரு கை. ஒரு முழு நாள் காய வையுங்கள், கடல் காற்றில் ஈரம் இருந்தால் இன்னொரு நாள். காய்ந்த பிரைமரில் கறை எட்டிப் பார்த்தால் இன்னொரு கை. பார்க்கவில்லையென்றால் எமல்ஷன் இரண்டு கை.

ஆனால் ஒன்று. அந்தச் சுவரில் உப்புப் பூத்துப் பொரிந்திருக்கிறதா? கையால் தடவினால் மாவு மாதிரி ஒட்டுகிறதா? அப்படியென்றால் எண்ணெய்ப் பிரைமர் அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளமாகத் தூக்கிவிடும். அந்த மாதிரிச் சுவரில் கறைப் பகுதியைச் சுரண்டிப் பட்டி வைப்பதுதான் வழி. சுண்ணாம்பு அடித்த சுவருக்கும் இதே கதைதான், ஸ்பிரிட்டே வேண்டாம்.

தொண்டி டீச்சர்

பலகையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் வகுப்பில் ஒருமுறை கால அட்டவணை முழுவதையும் பெர்மனென்ட் மார்க்கரில் எழுதிவிட்டார்கள். பெட்டியில் இரண்டும் ஒன்றாகக் கிடந்தன, மூடியும் ஒரே கறுப்பு.

அதன் மேலேயே சாதாரண போர்டு மார்க்கரால் எழுதுங்கள். பழைய கோடு முழுவதும் மூடும்படி தடிமனாகத் தீட்டி, காயும் முன், மூன்று நான்கு வினாடிக்குள் உலர்ந்த துணியால் இழுத்துத் துடையுங்கள். புது மையிலுள்ள கரைப்பான் பழைய மையை இளக்கும். போர்டு மார்க்கர் பலகையில் ஒட்டாமலிருக்க அதில் சேர்த்திருக்கும் பொருள் இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும். ஒரே நேரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மேல் போகாதீர்கள், காய்ந்துவிட்டால் வீண். எனக்கு முழுப் பலகைக்கும் ஒரு மார்க்கர் காலியானது.

சானிடைசரும் எடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஜெல் ஒரு பிசுக்கை விட்டுவிடும், மறுநாள் எழுதினால் மை திட்டுத் திட்டாக நிற்கும். ஈரத்துணியால் கழுவித் துடைத்துவிட வேண்டும். பாத்திரம் தேய்க்கும் நாரை மட்டும் தொடாதீர்கள். பலகையில் கீறல் விழுந்தால் அப்புறம் போர்டு மார்க்கரே நிரந்தரமாகிவிடும்.

ஏர்வாடி சித்தி

லாரி, பொம்மை பற்றி. அவசரத்தில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை எடுக்காதீர்கள். என் அக்கா மகனின் காரில் நான் அதைத்தான் வைத்தேன். கூரை இளகி என் விரல் ரேகை பதிந்தது, கண்ணாடி பால் மாதிரி வெளுத்தது. அசிட்டோன் கெட்டிப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கண்ணாடி போலத் தெரியும் பாகத்துக்கு ஸ்பிரிட்டும் ஆகாது, மயிரிழை விரிசல் விடும். மற்ற இடத்துக்கு ஸ்பிரிட், அப்புறம் சோப்புத் தண்ணீர்க் கழுவல். பிள்ளைகள் வாயில் வைப்பார்கள்.

ரப்பர் பொம்மைதான் கஷ்டம். அந்த மிருதுவான பிளாஸ்டிக்கில் சாயம் மேலே நிற்காது, நாளாக ஆக உள்ளே ஊறிப் பரவும். உடனே துடைத்தால் கொஞ்சம் வரும். மிச்சத்துக்குப் பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு கிரீமைக் கறை மேல் மட்டும் தடவி, காயாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, காலை வெயிலில் வைக்க வேண்டும். நான் ஐந்து நாள் வைத்தேன். கறுப்பு போய் வெளிர் ஊதா நின்றது. ஆனால் சுற்றியிருந்த தோல் நிறமும் ஒரு சுற்று வெளுத்துவிட்டது. கன்னத்தில் போட்டிருக்கும் சிவப்புப் பக்கம் கிரீமைக் கொண்டு போகாதீர்கள்.

மண்டபம் அம்மா

பலகை நேற்றே சுத்தமாகிவிட்டது, டீச்சருக்கு நன்றி. லாரியும் அப்படியே. கண்ணாடியை விட்டுவிட்டேன், அதில் ஒரு கோடு இருக்கிறது, இருக்கட்டும். சுவரைத் தடவிப் பார்த்தேன், மாவு ஒட்டவில்லை, எண்ணெய்ப் பிரைமர் அடித்து இரண்டு நாள் ஆகிறது. இதுவரை எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. எமல்ஷனுக்கு வீட்டுக்காரரிடம் பழைய டப்பா கேட்டிருக்கிறேன். அந்த இடம் மட்டும் அடித்தால் புதுசாகத் தெரியுமா அண்ணே?

பெயிண்டர், ராமநாதபுரம்

தெரியும். இரண்டு வருடத்தில் சுவர் வெளுத்திருக்கும், அதே டப்பா என்றாலும் திட்டுத் தெரியும். மூலையிலிருந்து மூலை வரை அந்த ஒரு சுவரை முழுசாக அடித்துவிடுங்கள்.

மண்டபம் அம்மா

சரி அண்ணே, ஞாயிற்றுக்கிழமை அடித்துவிடுகிறேன். பொம்மைக்கு இன்றைக்கு மூன்றாம் நாள். மீசை இன்னும் இருக்கிறது. மகள் அப்படியே வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். சித்தி, நீங்கள் சொன்ன வெளிர் ஊதாவுக்கு மேல் போக வேறு யாருக்காவது வழி கிடைத்திருந்தால் சொல்லுங்கள்.