பங்குதாரர் விலகியபோது மசாலா பிராண்டுக்கு விலை போட்ட அனுபவம்

ஈரோட்டு மசாலாக்காரர்:
எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு பங்குதாரர் விலகினார். ஆலை, சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றிலும் ஒத்துப்போனோம். பிராண்டில்தான் இழுபறி. விளம்பரம், பாக்கெட் வடிவமைப்பு, டிரேட்மார்க் என்று செலவழித்ததைக் கூட்டினால் மூன்றரைக் கோடி. அவரோ ஹிந்துஸ்தான் யூனிலீவர் இந்துலேகா கூந்தல் எண்ணெய் பிராண்டை 330 கோடிக்கு வாங்கியதைக் காட்டி, விற்பனையைப் போல மூன்று மடங்கு கேட்டார். மதிப்பீட்டாளர் ராயல்டி வழியில் 8 கோடி 18 லட்சம் என்றார். அதில் முடித்தோம். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

திருப்பூர் பனியன்:
செலவுக் கணக்குதான் நியாயம். எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது, யாரும் மறுக்க முடியாது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

மதிப்பீட்டாளர், கோவை:
பில் இருப்பது உண்மை. ஆனால் ஒரே அளவு செலவழித்த இரண்டு பிராண்டில் ஒன்று ஓடும், இன்னொன்று படுத்துவிடும். ஆரம்பித்து ஓரிரு வருடமே ஆன பிராண்டுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும்.

இந்துலேகாவை அப்படியே மசாலாவுக்குப் பொருத்த முடியாது. கூந்தல் எண்ணெயில் கிடைக்கும் லாப விகிதம் மசாலாவில் கிடையாது. வாங்கியவரிடம் நாடு முழுவதும் விநியோகமும் தயாராக இருந்தது. அந்த ஒப்பந்தத்தில் 330 கோடி போக, சில வருடங்களுக்கு உள்நாட்டு விற்பனையில் 10 சதவீதமும் தர வேண்டியிருந்தது. ஈரோட்டு நண்பரே, உங்கள் 8 கோடி எப்படி வந்தது?

ஈரோட்டு மசாலாக்காரர்:
மொத்த விற்பனை 55 கோடி. அதில் 15 கோடி ஹோட்டல்களுக்கு மூட்டையில் போவது, எங்கள் பெயரே இருக்காது. அதைக் கழித்தார். மீதி 40 கோடிக்கு, இந்தப் பெயரை வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்தால் 3 சதவீதம் கொடுப்போம் என்று வைத்து, 1 கோடி 20 லட்சம். வரி கால் பங்கு போக 90 லட்சம். வருடா வருடம் வளர்ச்சி 5 சதவீதம், வரப்போகும் வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 16 சதவீதம். 16-இல் 5 போக மீதி 11; ஆக, 90 லட்சத்தை 11 சதவீதத்தால் வகுத்தார்.

மதிப்பீட்டாளர், கோவை:
மூட்டைச் சரக்கைக் கழித்தது ரொம்பச் சரி, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். அந்த 3 சதவீதத்தை எதோடு ஒப்பிட்டார்? பாக்கெட் வியாபாரத்தில் லாபம் 9 சதவீதம் என்றால் மூன்றில் ஒரு பங்கு பெயருக்குப் போவது தாங்கும். லாபமே 4 சதவீதம் என்றால் அந்த ராயல்டியை எவரும் கொடுக்க மாட்டார்கள்.

ஈரோட்டு மசாலாக்காரர்:
லாபம் 9 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது.

ஊறுகாய் மதுரை:
என் பிராண்டும் பதிவு செய்ததுதான். இப்படி மதிப்புப் போட்டு, அதை பேலன்ஸ் ஷீட்டில் காட்டி வங்கிக் கடன் வாங்கலாமா?

மதிப்பீட்டாளர், கோவை:
நாமே வளர்த்த பிராண்டைச் சொத்தாகக் கணக்கில் ஏற்ற முடியாதுங்க. காசு கொடுத்து வாங்கியதைத்தான் ஏற்றலாம்.

ஈரோட்டு மசாலாக்காரர்:
விலகியவருக்கு இன்னும் மனத்தாங்கல்தான். வளர்ச்சி 8 சதவீதம் என்கிறார். அப்படிப் போட்டால் பதினொன்றேகால் கோடி ஆகிறது.

மதிப்பீட்டாளர், கோவை:
முடிவே இல்லாமல் வருடா வருடம் 8 சதவீதம் என்பதை நான் ஏற்க மாட்டேன். முதல் சில வருடங்களுக்கு மட்டும் 8 போட்டு, பிறகு 5 ஆக்கியிருந்தால் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும்.