தாலிக்கொடி அடகில இருக்கு. அப்பா பஞ்சாயத்து கூட்டணும்கிறார், கூட்டலாமா?

சிரியம் பொண்ணு:
கல்யாணமாகி 6 வருஷம், 4 வயசுல ஒரு பையன். கொக்கி விட்டுப்போச்சு, தட்டார்கிட்ட கொடுத்துப் பத்தவச்சுட்டு வர்றேன்னு வீட்டுக்காரர் என் தாலிக்கொடியை வாங்கிட்டுப் போனார். 3 பவுன். அதை அடகு வச்சு, அவர் தம்பி மலேசியா போக ஏஜென்ட்டுக்குக் கட்டிட்டார். 5 மாசம் நான் மஞ்சக் கயிறோட, "தட்டார் இன்னும் தரலை"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். தீமிதி அன்னைக்கு நாத்தனார் வாய்தவறிச் சொல்லித்தான் விஷயமே தெரிஞ்சுது. அப்பா கோயில் பெரியவங்களைக் கூட்டியே தீருவேன்னு நிக்கிறார். கூட்டினா இந்த வீட்டுப் படியை மிதிக்கமாட்டேன்னு இவர் சொல்றார். அடி உதை எதுவும் கிடையாது. என்ன செய்யட்டும்?

கோயில்வீட்டுப் பெரியவர்:
அம்மா, இங்கே பர்மாவில் பெகுப் பக்கம் எங்கள் கோயிலில் 20 வருடத்துக்கு மேல் இந்த மாதிரி வழக்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். கூட்டலாம். ஆனால் உன் அப்பா கூட்டக் கூடாது. பெண்ணைப் பெற்றவர் கூட்டினால் மாப்பிள்ளை பேச வரமாட்டான், தீர்ப்பு கேட்கத்தான் வருவான். வரும்போதே முகம் இறுகிவிடும்.

முதலில் நீயே உன் வீட்டுக்காரரிடம் சொல். "நம்ம ரெண்டு பேரால இது தீரலை. என் பக்கத்துல உங்களுக்கு நம்பிக்கையான ஒருத்தரைச் சொல்லுங்க, உங்க பக்கத்துல நான் ஒருத்தரைச் சொல்றேன்" என்று கேள். கவனி, அவர் உன் சொந்தத்தில் ஆள் சொல்ல வேண்டும், நீ அவர் சொந்தத்தில் சொல்ல வேண்டும். அவரவர் பக்கத்து ஆளை அவரவர் கூட்டிவந்தால் வக்கீல் வைத்த மாதிரி ஆகிவிடும். அந்த இரண்டு பேர், நடுவில் பொது ஆள் ஒருவர், மூன்று பேர் போதும். கோயில் மண்டபம் வேண்டாம், யாராவது ஒருவர் வீட்டில் வையுங்கள். பையன் அங்கே இருக்கக் கூடாது.

உட்காருவதற்கு முன்னால் அடகு ரசீதைப் பார். யார் பேரில் இருக்கிறது, கெடு எப்போது, இதுவரை வட்டி கட்டியிருக்கிறார்களா, இந்த மூன்றும் தெரியாமல் பேசினால் பேச்சு "நீ அப்படிச் சொன்னே, நான் இப்படிச் சொன்னேன்" என்று போய்விடும். தெரிந்துகொண்டு உட்கார்ந்தால், வட்டி இந்த மாதத்திலிருந்து யார் கட்டுவது, அசலைத் தம்பி எந்தச் சம்பளத்திலிருந்து அனுப்புவது, ரசீது யார் கையில் இருப்பது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பொய் சொன்னதைக் கூட்டத்தில் வைக்காதே. கொடியை மட்டும் வை.

மோல்மேன் அக்கா:
ஐயா மேல மரியாதை உண்டு. ஆனா நான் ஒத்துக்கமாட்டேன். தங்கச்சி, கூட்டாதே.

எனக்கு 11 வருஷத்துக்கு முன்னாடி கூட்டினாங்க. காரணம் அவர் குடி. எங்க மாமனார் வீட்டுக் கூடத்துல ஆம்பளைங்க ஏழு பேர் நாற்காலியில, நான் இடுப்புல பிள்ளையோட அடுப்படிக் கதவைப் பிடிச்சிட்டு நின்னேன். குடியைப் பத்தி அரை மணி நேரம்கூடப் பேசலை. அப்புறம் ஒரு பெரியவர் என்னைப் பாத்து, "அவன் வீட்டுக்கு வர்றப்ப நீ மூஞ்சியை எப்படி வச்சிருக்கே?"ன்னு கேட்டார். அதுக்கு என்ன பதில் சொல்றது? ரெண்டு பேரையும் சாமி முன்னாடி கற்பூரம் அடிக்க வச்சு அனுப்பிட்டாங்க. கூட்டம் முடிஞ்சதும் எல்லாருக்கும் டீ போட்டதும் நான்தான்.

குடி மூணு வாரம் நின்னுச்சு. ஆனா அந்தக் கேள்வி நிக்கலை. இன்னைக்கும் கல்யாண வீட்டுல நான் சிரிக்காம உக்காந்திருந்தா யாராவது ஒருத்தி "மூஞ்சியை இப்படி வச்சிருக்காதடி"ம்பா. அவளுக்கு அது எங்கேர்ந்து வந்துச்சுன்னுகூடத் தெரியாது. அந்தக் கூடத்துலேர்ந்து வெளிய போன பேச்சு அது.

தாமே தம்பி:
ரெண்டு பேருமே பழங்காலத்துல இருக்கீங்க. தாலிக்கொடி அப்பா வீட்டுல போட்ட நகைன்னா அது சீதனம், பொண்ணோட சொத்து. புருஷனே ஆனாலும் கேக்காம அடகு வைக்க முடியாது. இதுல சமாதானம் என்ன இருக்கு? ஒத்துவரலைன்னா பர்மாக்காரங்க செய்ற மாதிரி லூஜின்னு சொல்ற ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர் முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டுப் பிரிஞ்சுக்கங்க. என் ஆபீஸ்ல ஒருத்தர் அப்படித்தான் ஒரே நாள்ல முடிச்சார்.

கோயில்வீட்டுப் பெரியவர்:
தம்பி, சீதனம் பெண்ணுடையது என்று நீ சொன்னது சரி. கூட்டத்தில் அதை முதல் வாக்கியமாகவே சொல்ல வேண்டும். மற்றதில் தவறு இருக்கிறது. பௌத்தத் தம்பதி மனமொத்துப் பெரியவர்கள் முன்னால் எழுதிப் பிரிவது அவர்கள் வழக்கச் சட்டம். இங்கே 1898ஆம் ஆண்டு பர்மா சட்டங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி திருமணம், வாரிசு விஷயங்களில் பௌத்தருக்குப் பௌத்தச் சட்டம், முஸ்லிமுக்கு முஸ்லிம் சட்டம், இந்துவுக்கு இந்துச் சட்டம். பழைய இந்துச் சட்டத்தில் விவாகரத்து கிடையாது, அந்தச் சாதியில் வழக்கம் இருந்தால் ஒழிய. இந்தியாவில் 1955இல் இந்துத் திருமணச் சட்டம் வந்து வழி திறந்தது. ஆனால் பர்மா 1937லேயே பிரிந்துவிட்டது, அந்தச் சட்டம் நமக்கு வரவில்லை. உன் ஆபீஸ்காரர் பார்த்ததை நம் பெண் செய்தால் கையில் ஒரு காகிதம் இருக்கும், அது நிற்குமா என்பது வேறு கதை. நம்மில் பலருக்குப் பஞ்சாயத்தைவிட்டால் வேறு வாசல் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மோல்மேன் மகளே, உனக்கு நடந்தது அநியாயம். ஏழு பேர் உட்கார்ந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளைகூட இல்லாதது முதல் தப்பு. குடிக்கு வைத்த கூட்டத்தில் உன் முகத்தைப் பேசியது இரண்டாவது தப்பு. இப்போதெல்லாம் நான் உட்காருவதற்கு முன்னால் என் மனைவி போய்ப் பெண்ணிடம் தனியாகக் கேட்டுவிட்டு வருவாள். அவள் வந்து "இதைக் கூட்டத்துல பேசாதீங்க" என்று சொன்னால் பேசமாட்டேன்.

தாட்டன் அம்மா:
அம்மாடி, ஒரு கொடிக்காகப் பிரிஞ்சு போகாதேம்மா. பிள்ளை முகத்தைப் பாரு. நானும் மாமியார்தான், சொல்றேன். என் மருமகளுக்கும் எனக்கும் ஒத்துக்காம தினம் சண்டை, என் மகன் நடுவுல கிடந்து சாப்பிடாம வேலைக்குப் போவான். பெரியவங்க வந்து ஒரே ஒரு முடிவு சொன்னாங்க: உலை தனி. அவங்க பின்கட்டுல, நாங்க முன்கட்டுல. அரிசி மூட்டையைக்கூட அன்னைக்கே அளந்து பிரிச்சுக் கொடுத்தாங்க. என் மகனே சொல்லியிருந்தா பெத்தவளைத் தள்ளிவச்சான்னு ஊர் பேசியிருக்கும். பெரியவங்க சொன்னதால அவன் மேல பழி வரலை, எனக்கும் மனசு ஆறிச்சு. இப்ப மருமகதான் எனக்குக் கால் பிடிச்சுவிடுறா.

சிரியம் பொண்ணு:
அம்மா, பிரியணும்னு நான் சொல்லவே இல்லையே. அவரோட இருக்கணும்னுதான் கேக்குறேன். பெரியப்பா, ஒரு சந்தேகம். பொய்யை வைக்காதேன்னு சொன்னீங்க. எனக்குக் கொடியைவிட அதுதான் வலிக்குது. 5 மாசம் என் வாயாலயே பொய் சொல்ல வச்சிருக்கார்.

மோல்மேன் அக்கா:
இதைத்தான் நானும் கேக்க வந்தேன். அதைப் பேசாம என்ன பஞ்சாயத்து? கொடி கழுத்துக்கு வந்துரும், சரி. அவ மனசு?

கோயில்வீட்டுப் பெரியவர்:
நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன், அதிலிருந்து வந்ததுதான் இந்த எண்ணம். பல வருடம் முன்னால் இதே மாதிரி ஒரு வழக்கு, பணத்தை ஒளித்த புருஷன். பணத்துக்குத் தவணை போட்டோம், அவனும் ஒத்துக்கொண்டான். அதோடு எழுந்திருக்க வேண்டியது. "பொய் சொன்னியே, மாமனார் கால்ல விழு" என்று நான்தான் சொன்னேன். விழுந்தான். எழுந்தபோது நெற்றியில் சிமெண்டுத் தரையின் தூசி ஒட்டியிருந்தது, அதை அவன் துடைக்கவே இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தான். தவணையைக் கடைசிக் காசு வரை கட்டினான். ஆனால் அன்றிலிருந்து மாமனார் வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. பெண்டாட்டியோடு தேவைக்கு மட்டும்தான் பேச்சு. அவள் என்னிடம் வந்து, "ஐயா, நீங்க பணத்தை வாங்கிக் கொடுத்தீங்க, ஆளை வாங்கிட்டுப் போயிட்டீங்க" என்றாள்.

பணமும் நகையும் வீடும் மூன்றாம் ஆள் எண்ணிப் பார்க்கக் கூடியவை. பொய்யை நான் எதை வைத்து எண்ணுவது? தண்டனைதான் கொடுக்க முடியும். கொடுத்தால் அவன் மன்னிப்பு எங்களிடம் கேட்டதாக ஆகிவிடும், உன்னிடம் கேட்டதாக ஆகாது.

மோல்மேன் அக்கா:
நீங்க சொல்றது புரியுது ஐயா. ஆனா தனியா கேக்காத ஆளுங்களும் இருக்காங்க. எங்க வீட்டுல 11 வருஷமா கேக்கலை. கூட்டத்துல சொல்ல வச்சிருந்தா ஒரு தடவையாவது காதால கேட்டிருப்பேன். அது பொய்யான மன்னிப்பா இருந்தாலும் பரவால்லைன்னு தோணுற நாளும் உண்டு.

கோயில்வீட்டுப் பெரியவர்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, மகளே.

சிரியம் பொண்ணு:
நேத்து ராத்திரி பையன் தூங்கினதும் பேசினேன். ரெண்டு பக்கமும் ஆள் மாத்திச் சொல்ற விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் எங்க சின்னம்மா பேரைச் சொன்னார். நான் எதிர்பாக்கவே இல்லை. அவங்ககிட்ட மட்டும்தான் அவர் வாய்விட்டுச் சிரிச்சுப் பேசுவார், அது எனக்கு அப்பதான் உறைச்சுது. நான் அவரோட பெரிய அத்தானைச் சொன்னேன். "நான் ஏமாத்தினதைப் பேசுவாங்களா?"ன்னு கேட்டார். இல்லை, அது நமக்குள்ளன்னு சொன்னேன். அதுக்கு ஒண்ணும் சொல்லலை. அப்பாகிட்ட, நீங்க வரவேண்டாம்பான்னு சொல்லிட்டேன். கோவமா இருக்கார், இன்னைக்குச் சாப்பிட வரலை.

காலையில ரசீதைக் கேட்டேன். கொடுத்தார். கெடுவுக்கு இன்னும் 7 வாரம் இருக்கு, வட்டி ரெண்டு மாசம் நிலுவை. ஆனா பேர் அவர் பேர் இல்லை. மாமியார் பேர். அதாவது அவங்க கூடப் போயிருக்காங்க. அந்த 5 மாசமும் வெள்ளிக்கிழமை தவறாம என் மஞ்சக் கயிறுக்குக் குங்குமம் வச்சுவிட்டது அவங்கதான்.

தாட்டன் அம்மா:
ஐயோ.

மோல்மேன் அக்கா:
பெரியவரே, இப்ப யார் யாரு உக்காரணும்?

கோயில்வீட்டுப் பெரியவர்:
ரசீது மாமியார் பேரில் இருந்தால் மீட்கக் கடைக்கு அவர்தான் வரவேண்டியிருக்கும். அதனால் அவர் சம்மதம் இல்லாமல் எழுத முடியாது. ஆனால் கூட்டத்தில் உட்கார வைக்காதீர்கள், மகன் வாயே திறக்கமாட்டான். முந்தின நாள் பெரிய அத்தானே போய் அவரிடம் பேசட்டும், கூட உன் சின்னம்மாவும் போகட்டும். அம்மா, குங்குமத்தைப் பற்றி அந்த இரண்டு பேரிடமும் சொல்லிவிடாதே. இப்போது வேண்டாம். வட்டி நிலுவையை மட்டும் இந்த வாரமே கட்டச் சொல்.