சிசுவான் உணவகப் பட்டியல்: எந்தப் பெயரை அப்படியே விடுவது?

கேள்வி
சீனாவின் செங்டு நகரில் உள்ள ஓர் உணவகத்தின் பட்டியலைப் படமெடுத்துக் கைப்பேசிச் செயலியில் தமிழாக்கினேன். "கணவன் மனைவி நுரையீரல் துண்டுகள்", "மரமேறும் எறும்புகள்", "மீன்மணக் கத்தரிக்காய்" என்றெல்லாம் வருகிறது. மாப்போ தோஃபு என்ற சோயாக்கட்டி உணவு மட்டும் பெயர் மாறாமல் நிற்கிறது. என்னுடன் வரும் உறவினர்களில் சிலர் சைவம், சிலர் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள். அவர்களுக்கென ஒரு தாள் தயாரிக்கிறேன். எவற்றை மொழிபெயர்ப்பது, எவற்றை அப்படியே விடுவது?

மறுமொழி 1
பெயர்களை நீக்கிவிட்டு, தட்டில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். மரமேறும் எறும்புகள் என்பது கொத்திய பன்றி இறைச்சி ஒட்டிய கண்ணாடி நூடுல்ஸ்தான். மீன்மணக் கத்தரிக்காயில் மீனே கிடையாது. ஊறவைத்த மிளகாய், இஞ்சி, பூண்டு, சர்க்கரை, வினிகர் சேர்ந்த சுவைக்கு அப்படிப் பெயர். ஆகவே சைவர்கள் தயங்காமல் உண்ணலாம்.

மறுமொழி 2
மீன் இல்லை என்பது சரி. ஆனால் பல சமையலறைகளில் அந்தக் கத்தரிக்காயுடன் கொத்திய பன்றி இறைச்சியைச் சேர்ப்பார்கள். ஆகையால் அதைச் சைவ வரிசையில் வைக்காதீர்கள். பெயரை அடியோடு நீக்கினால் இன்னொரு சிக்கலும் வரும்: உறவினர் தமிழ் விளக்கத்தைக் காட்டினால் பரிமாறுபவருக்கு எதுவும் விளங்காது. ஒவ்வொரு வரியிலும் சீன எழுத்துகளை அப்படியே விட்டு, கீழே தமிழில் ஒலிப்பையும், அதன் கீழே அதில் சேரும் பொருட்களையும் எழுதுங்கள்.

"தக்காளி முட்டை வதக்கல்" போலப் பெயரே சேரும் பொருட்களையும் சமைக்கும் முறையையும் சொல்லிவிட்டால் மொழிபெயர்ப்பு போதும். ஆளையோ கதையையோ சுட்டும் பெயர்களை மொழிபெயர்க்காமல் அப்படியே விடுங்கள். கணவன் மனைவி என்பது அதைச் செங்டுவில் விற்ற தம்பதியரைக் குறிக்கும். இன்று பொதுவாக அதில் நுரையீரல் இருப்பதில்லை, மாட்டிறைச்சியும் மாட்டின் உள்ளுறுப்புகளும் மிளகாய் எண்ணெயில் ஊறியிருக்கும். மாப்போ தோஃபுவைத்தான் கூடுதல் கவனத்துடன் எழுத வேண்டும், ஏனெனில் தோஃபு என்ற சொல்லைப் பார்த்ததும் சைவம் என்று எண்ணத் தோன்றும், ஆனால் மரபான செய்முறையில் கொத்திய மாட்டிறைச்சி உண்டு.

மறுமொழி 3
என் மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாது. குங்பாவ் கோழி என்பது ஓர் ஆளுநரின் பட்டத்தால் அமைந்த பெயர், அதில் கடலை இருப்பதை அது சொல்லவே சொல்லாது. ஒவ்வாமைக்கென்று தனி வரி ஒன்று சேர்ப்பீர்களா?

கேட்டவர்
அவசியம் சேர்க்கிறேன். ஓரிடத்தில் செயலி ஒரே உணவை இரண்டாகப் பிரித்துவிட்டதோ என்று ஐயமாக இருக்கிறது.

மறுமொழி 2
பெயர்களையும் விலைகளையும் எண்ணிப் பாருங்கள். பெயர்கள் கூடுதலாக இருந்தால் ஒரு பெயர் இரு வரியாக உடைந்திருக்கக்கூடும். பளபளக்கும் தாளில் விளக்கொளி பட்ட இடத்திலும் எழுத்துகள் தவறாக வாசிக்கப்படும், அந்தப் பகுதியை மட்டும் நேராக நின்று மறுபடி படமெடுங்கள்.

மறுமொழி 1
கத்தரிக்காய் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்கும் சமையலறைகள் உண்டே, அதைப் பட்டியலிலிருந்து எப்படி அறிவது?

மறுமொழி 2
அறிய முடியாது. இறைச்சி, கொழுப்பு, எலும்புச் சாறு மூன்றும் வேண்டாம் என்று சீன மொழியில் எழுதிய வரியொன்றைத் தாளின் தலைப்பில் வையுங்கள். அதற்கு மேல் சமையற்காரர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.